ஆட்டோபே பவுன்ஸ் ஆனால் கிரெடிட் கார்டில் என்ன நடக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழமாசி வீதியில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. ஜிஎஸ்டி, வருமான வரி என்று வருகிறவர்கள் எழுந்து போகும்போது போனை நீட்டி, “இந்த கார்டு பில்லைக் கொஞ்சம் பாருங்க” என்பார்கள். பத்துப் பேரில் பாதிப் பேருக்கு ஒரே கதைதான். முழுப் பில்லுக்கும் ஆட்டோபே போட்டிருப்பார்கள், கெடு நாளன்று கணக்கில் கொஞ்சம் பணம் குறைந்திருக்கும், அடுத்த பில்லில் வட்டி குதித்திருக்கும். போன வருஷம் எனக்கே இது நடந்தது. அந்தக் கணக்கையும் கீழே போட்டுக் காட்டியிருக்கிறேன்.

“ஆட்டோபே போட்டுட்டா நம்ம வேலை முடிஞ்சுதுல்ல?”

முடியவில்லை. ஆட்டோபே என்பது “இந்தத் தேதியில் என் சேமிப்புக் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்துக்கொள்” என்று நீங்கள் கொடுத்த அனுமதி, அவ்வளவுதான். எடுக்க வரும்போது கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்து வைப்பது உங்கள் பொறுப்பாகவே இருக்கிறது. எடுக்க முடியாமல் போனால், கார்டு கம்பெனியின் பார்வையில் நீங்கள் பில் கட்டாதவர். ஆட்டோபே போட்டிருந்தார், பாவம் மறந்துவிட்டார் என்றெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

“வட்டி இல்லாத 50 நாள்னு சொல்லித்தானே கார்டைக் கொடுத்தாங்க? அது என்ன கணக்கு?”

உங்கள் பில் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி போடப்படுகிறது, கட்ட 20 நாள் கெடு என்று வைத்துக்கொள்வோம். மே 16 முதல் ஜூன் 15 வரை வாங்கியதெல்லாம் ஜூன் 15 பில்லில் வரும். கெடு ஜூலை 5. மே 16 அன்றே ஒரு பொருள் வாங்கியிருந்தால் அதற்கு 50 நாள் வட்டி கிடையாது. ஜூன் 14 அன்று வாங்கியிருந்தால் 21 நாள்தான். விளம்பரத்தில் 50 மட்டும் பெரிதாக இருக்கும்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பில்லில் மொத்த பாக்கி என்று போட்டிருக்கும் தொகை முழுவதும் கெடுவுக்குள் வந்து சேர்ந்தால்தான் இந்த வட்டியில்லாக் காலம். வராவிட்டால் ஜூலை 6 முதல் வட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கொடுத்த சலுகையே இல்லாமல் போய்விடும். ஒவ்வொரு பொருளுக்கும் அதை வாங்கிய நாளிலிருந்து வட்டி போடுவார்கள்.

“1,400 ரூபாய்தான் குறைஞ்சுச்சு. மீதியை எடுத்துக்கிட்டு அந்த 1,400க்கு மட்டும் வட்டி போட வேண்டியதுதானே?”

நியாயமான கேள்வி. ஆனால் கார்டு ஒரு வங்கியிலும் சேமிப்புக் கணக்கு வேறொரு வங்கியிலும் இருந்தால், ஆட்டோபே பெரும்பாலும் நாச் மேண்டேட் வழியாக, அதாவது வங்கிகளுக்கிடையே தானாகப் பணம் எடுக்கும் அமைப்பில் நீங்கள் கொடுத்த அனுமதி வழியாகப் போகும். அதில் இருப்பதை மட்டும் வழித்தெடுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. கேட்ட தொகை முழுவதும் இருந்தால் எடுக்கும், ஒரு ரூபாய் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடும். ஆக, 40,000 ரூபாய் பில்லுக்கு உங்கள் கணக்கில் 38,600 இருந்தால், கார்டுக்குப் போய்ச் சேருவது பூஜ்யம்.

கார்டும் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால் கொஞ்சம் வேறு மாதிரி. சில வங்கிகள் இருப்பதை எடுத்துக்கொண்டு, அடுத்த ஒன்றிரண்டு நாளும் முயன்று பார்க்கும். உங்கள் வங்கி எப்படி என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

“மூணரை பர்சென்ட்தானே வட்டி, அதுக்குப் போயி இவ்வளவு பயமா?”

அது மாதத்துக்கு மூன்றரை. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்றரை ரூபாய் வட்டி. வருஷத்துக்கு 42 சதவீதம். பல கார்டுகளில் 3.5 முதல் 3.75 வரை இருக்கிறது. நகையை அடகு வைக்கப் போனால் ஒரு ரூபாய் வட்டியா ஒன்றேகால் ரூபாய் வட்டியா என்று நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், கார்டில் இருக்கும் மூன்றரையைச் சதவீதமாகப் பார்த்ததும் சின்னதாக நினைத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு, வட்டிக்கும் உண்டு, அபராதத்துக்கும் உண்டு.

“சரி, உங்க கணக்கைச் சொல்லுங்கண்ணே. எவ்வளவு போச்சு?”

பில் தேதி 15, கெடு 5. மே 18 அன்று டவுன்ஹால் ரோட்டில் 24,000க்கு ஒரு பிரிட்ஜ் வாங்கினேன். ஜூன் 2 அன்று மளிகையும் பெட்ரோலுமாக 6,000. ஜூன் 12 அன்று பள்ளிக் கட்டணம் 10,000. பில் 40,000. கணக்கில் 40,750 இருந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். ஜூலை 3 அன்று இன்ஷூரன்ஸ் பிரீமியம் 2,150 தானாகப் போனது. அதுவும் ஆட்டோபேதான். நான்தான் போட்டு வைத்து மறந்திருந்தேன். மிச்சம் 38,600. ஜூலை 5 அன்று கார்டு ஆட்டோபே பவுன்ஸ். அந்த எஸ்எம்எஸ் ஆடித் தள்ளுபடிக்கும் வீட்டுமனை விளம்பரத்துக்கும் நடுவில் கிடந்தது. 9ஆம் தேதி மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனை நோண்டியதில் கண்ணில் பட்டது. அங்கேயே நின்று 40,000 கட்டினேன்.

வட்டி இப்படி வந்தது. ஒவ்வொரு வாங்கலுக்கும் தொகை, அதை வாங்கிய நாளிலிருந்து கட்டிய நாள் வரையான நாட்கள், வருஷ வட்டி 42, மூன்றையும் பெருக்கி 36,500ஆல் வகுக்க வேண்டும்.

```
24,000 × 52 நாள் × 42 ÷ 36,500 = 1,436
 6,000 × 37 நாள் × 42 ÷ 36,500 =   255
10,000 × 27 நாள் × 42 ÷ 36,500 =   311
                         மொத்தம் = 2,002
```

தாமதம் நாலே நாள். வட்டி விழுந்ததோ பிரிட்ஜுக்கு 52 நாளுக்கு. அந்த முதல் வரியைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

“கட்டாத பில்லுக்கு வட்டி சரி. அந்தப் பில்லிலேயே வராத, போன வாரம் வாங்குனதுக்கும் வட்டி போட்டிருக்கானே?”

ஆமாம், அதுவும் இதன் பகுதிதான். பழைய பில்லில் பாக்கி நிற்கும்போது, அதற்குப் பிறகு வாங்குகிறவற்றுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. கார்டைத் தேய்த்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். நான் ஜூன் 20 அன்று 8,000க்கும் ஜூலை 4 அன்று 5,000க்கும் வாங்கியிருந்தேன். இரண்டும் ஜூலை 15 பில்லில் வர வேண்டியவை, கெடு ஆகஸ்ட் 5. ஆனாலும் 8,000க்கு 25 நாள், 5,000க்கு 11 நாள் என்று ஜூலை 15 வரை வட்டி போட்டதில் இன்னும் 293 ரூபாய். ஜூலை 4 அன்று வாங்கும்போது கெடுகூடத் தவறவில்லை, அதற்கும் சேர்த்துத்தான்.

இந்த இடத்தில் வங்கிக்கு வங்கி வித்தியாசம் உண்டு. பழைய பாக்கி தீர்ந்த நாளோடு புது வாங்கல்களின் வட்டியை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அடுத்த பில் தேதி வரை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கார்டோடு வரும் முக்கிய நிபந்தனைகள் தாளில் உதாரணக் கணக்கோடு போட்டிருப்பார்கள். படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும், அந்த உதாரணத்தை மட்டுமாவது பாருங்கள்.

“வட்டி 2,300கூட வரலை. ஆனா பில்லுல 5,000கிட்ட ஏறியிருக்கே?”

வட்டி மட்டும் வருவதில்லை. என் கணக்கில் 2,295 வட்டி. தாமதக் கட்டணம் 1,100. ஆட்டோபே திரும்பியதற்குத் தனியாக ஒரு கட்டணம், பில் தொகையில் 2 சதவீதம், அதாவது 800. இம்மூன்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி 755. ஆக 4,950. தாமதக் கட்டணமும் திரும்பல் கட்டணமும் ஒவ்வொரு கார்டிலும் வேறு வேறு தொகையாக இருக்கும்.

இது கார்டு பக்கம் மட்டும். சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கியும் மேண்டேட் திரும்பியதற்குக் கட்டணம் பிடிக்கும். எனக்கு 500ம் அதற்கு ஜிஎஸ்டி 90ம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் கார்டு பில்லில் இது வராது, பாஸ்புக்கில்தான் இருக்கும். எல்லாம் சேர்த்து 5,540. குறைந்தது 1,400.

“கெடு தாண்டி மூணு நாள் டயம் உண்டுன்னு சொல்றாங்களே, நிஜமா?”

பாதி நிஜம். கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபில் மாதிரி நம் கடன் வரலாற்றை வைத்திருக்கும் கிரெடிட் பீரோவுக்கும் தவணை தவறியவர் என்று தெரிவிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட கார்டு விதிகளில் இருக்கிறது. கெடு ஜூலை 5 என்றால் 6, 7, 8 ஆகிய மூன்று நாட்கள். நான் கட்டியது 9ஆம் தேதி. முந்தின நாள் அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்திருந்தால் தாமதக் கட்டணம், அதன் ஜிஎஸ்டி, ஒரு நாள் வட்டி எல்லாம் சேர்த்து சுமார் 1,350 மிஞ்சியிருக்கும்.

மீதிப் பாதியில்தான் ஏமாந்துபோகிறார்கள். இந்த மூன்று நாள் தாமதக் கட்டணத்துக்கும் பீரோவுக்கும் மட்டும்தான். வட்டியில்லாக் காலத்துக்கு இது பொருந்தாது. ஜூலை 6 அன்றே கட்டினாலும் கெடு தவறியது தவறியதுதான், மேலே சொன்ன கணக்கில் மூன்று நாள் குறைத்துக்கொண்டு வட்டி வரும். பொதுவாக எந்த வங்கியிலும் அப்படித்தான். ஓரிரு நாள் கருணை காட்டுவதாக உங்கள் கார்டின் நிபந்தனையிலேயே எழுதியிருந்தால் அது அவர்களாகக் கொடுப்பது.

“மினிமம் ட்யூவைக் கட்டிட்டா தப்பிச்சுரலாம்ல சார்?”

தாமதக் கட்டணத்திலிருந்தும் பீரோ பதிவிலிருந்தும் தப்பலாம். வட்டியிலிருந்து தப்ப முடியாது. குறைந்தபட்சத் தொகை என்பது பெரும்பாலும் பில்லில் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், என் பில்லுக்கு 2,000. அதைக் கட்டியிருந்தால் 38,000 பாக்கி நின்று, எல்லாவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்து வட்டி வந்திருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று. ஆட்டோபே போடும்போது முழுத் தொகையா, குறைந்தபட்சமா என்று கேட்பார்கள். பவுன்ஸுக்குப் பயந்து சிலர் குறைந்தபட்சத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மீதியைக் கையால் கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு இது நல்ல ஏற்பாடுதான், ஆட்டோபே பவுன்ஸ் ஆகும் வாய்ப்பு குறையும். மறதிக்காரர் என்றால் வேண்டாம். பணம் கணக்கில் இருந்தும் மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும், எட்டு மாதமாக அவருக்கு அது தெரியவில்லை.

“கெடு நாளன்னைக்குக் காலைல பணம் போட்டேன். அப்படியும் பவுன்ஸ். எப்படி?”

கெடு நாளன்று வங்கிகளுக்கிடையே மேண்டேட் எந்த நேரத்துக்கு வந்து கதவைத் தட்டும் என்று நமக்குத் தெரியாது. பெரும்பாலும் காலையிலேயே. பத்து மணிக்கு நீங்கள் பணம் போடும்போது அது ஏற்கெனவே வந்து திரும்பிப் போயிருக்கலாம். அதனால் முந்தின நாள் ராத்திரியே பணம் இருக்க வேண்டும். நாச் 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, பண்டிகை என்று எல்லா நாளும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை எடுக்க மாட்டார்கள் என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

பணம் கண்ணுக்குத் தெரிந்தும் எடுக்க முடியாமல் போவதும் உண்டு. ஐபிஓவுக்கு விண்ணப்பித்திருந்தால் அந்தத் தொகை கணக்கிலேயே முடக்கப்பட்டிருக்கும். இருப்பைப் பார்த்தால் தெரியும், எடுக்க வராது. இன்னொன்று, மேண்டேட்டில் உச்சவரம்பு இருக்கும். 50,000 வரை என்று போட்டுக் கொடுத்துவிட்டு, தீபாவளி மாதம் 62,000க்கு வாங்கினால் கணக்கில் லட்சம் ரூபாய் இருந்தும் திரும்பிவிடும். எஸ்எம்எஸ்ஸில் காரணம் என்ன என்று பாருங்கள், பணக்குறைவா வேறா என்று அதில் தெரியும்.

“பவுன்ஸ் ஆயிருச்சுன்னு இப்பத்தான் பார்த்தேன். முதல்ல என்ன செய்யணும்?”

உடனே கட்டுங்கள். அவர்களே மறுபடி எடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கார்டு கம்பெனியின் சொந்த ஆப் வழியாகக் கட்டினால் சீக்கிரம் வரவு வரும். வேறு ஆப் வழியாகக் கட்டினால் சில சமயம் ஒரு நாள் கூடுதலாகும், மூன்று நாள் கணக்கின் விளிம்பில் நிற்கும்போது அது உதைக்கும்.

எவ்வளவு கட்டுவது என்பதில்தான் நான் கோட்டை விட்டேன். பில்லில் இருந்த 40,000ஐ மட்டும் கட்டினேன். ஆப்பில் இன்னொரு எண்ணும் இருக்கும், பில்லில் இன்னும் வராததையும் சேர்த்து இன்றைய தேதிக்கு மொத்த பாக்கி எவ்வளவு என்று. எனக்கு அது 53,000. கைக்கு எட்டுமானால் அதைக் கட்டிவிடுங்கள், புது வாங்கல்கள் மேல் ஓடுகிற வட்டி அன்றோடு நிற்கும். முடியாவிட்டால் பில் தொகையைக் கட்டிவிட்டு, கணக்கு நேராகும் வரை அந்தக் கார்டைத் தேய்க்காதீர்கள். பால் பாக்கெட்டுக்குக்கூட வேண்டாம். இன்னொரு கார்டோ ரொக்கமோ போதும்.

அந்தக் கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுத்து சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரொக்கத்துக்கு வட்டியில்லாக் காலம் எப்போதுமே கிடையாது.

“கஸ்டமர் கேர்ல பேசுனா திருப்பித் தருவாங்களா?”

தாமதக் கட்டணத்தையும் திரும்பல் கட்டணத்தையும் முதல் தடவை என்றால் பலர் ரத்து செய்கிறார்கள். கேட்காமல் யாரும் தருவதில்லை. வட்டியைத் திருப்புவது அபூர்வம், ஆனாலும் கேளுங்கள். பேசும்போது மொத்தமாக “சார்ஜைத் திருப்பிக் கொடுங்க” என்று சொல்லாமல், எது வட்டி, எது தாமதக் கட்டணம், எது திரும்பல் கட்டணம் என்று பிரித்துக் கேளுங்கள். கட்டணம் ரத்தானால் அதன் ஜிஎஸ்டியும் ரத்தாக வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தாமதக் கட்டணம் 1,100ம் ஜிஎஸ்டி 198ம் திரும்பி வந்தது. 800ஐ அவர்கள் விடவில்லை.

தப்பு அவர்கள் பக்கம் என்றால் வழி வேறு. உதாரணமாகக் கணக்கில் பணம் இருந்தும் அவர்கள் எடுக்க வரவே இல்லை, அல்லது மூன்றாம் நாளே கட்டியும் தாமதக் கட்டணம் போட்டுவிட்டார்கள். அப்போது எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. நாம் பணம் வைக்க மறந்ததற்கு அங்கே போய்ப் பயனில்லை.

“வருஷத்துக்கு 42 பர்சென்ட்டுன்னா கந்துவட்டி மாதிரி இல்லையா? கேஸ் போட முடியாதா?”

இதே கேள்வி டில்லி வரைக்கும் போனது. வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அதனால் இன்றைக்கு உச்சவரம்பு என்று சட்டத்தில் எதுவும் இல்லை. எனக்கு இதில் வருத்தம்தான், ஆனால் நிலவரம் இது.

“செக் பவுன்ஸ் மாதிரி இதுக்கும் ஜெயில் உண்டுன்னு ஒருத்தர் பயமுறுத்துனார்...”

முழுப் பொய் இல்லை. பணக்குறைவால் மின்னணுப் பரிமாற்றம் திரும்பினால், செக்குக்கு இருப்பது போன்ற ஒரு பிரிவு 2007ஆம் வருஷச் சட்டம் ஒன்றில், 25ஆம் பிரிவாக, இருக்கிறது. ஆனால் அதற்குப் படிகள் உண்டு. பணம் திரும்பிய விவரம் தெரிந்த 30 நாளுக்குள் எதிர்த் தரப்பு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கைக்கு வந்து 15 நாளுக்குள்ளும் நீங்கள் கட்டாமல் இருக்க வேண்டும். நாலு நாள் தள்ளிக் கட்டியவரை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை. நோட்டீஸ் என்று நிஜமாகவே ஒரு தாள் வந்தால் மட்டும் அலட்சியம் பண்ணாமல் கட்டிவிடுங்கள்.

“எனக்குச் சம்பளம் 7ஆம் தேதி, கெடு 5ஆம் தேதி. மாசா மாசம் நெஞ்சு படபடங்குது.”

மேலூர்ப் பக்கத்து ஆசிரியை ஒருவர் கேட்டது. பில் சுழற்சியை மாற்றிக்கொள்ளும் உரிமை கார்டுக்காரருக்கு உண்டு, ரிசர்வ் வங்கி விதியிலேயே இருக்கிறது. ஆப்பிலோ போனிலோ கேட்டு, கெடு 10 முதல் 12 தேதிக்குள் விழுகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும் மாதம் மட்டும் பில் தேதி குழம்பும், அந்த ஒரு மாதம் ஆட்டோபேயை நம்பாமல் கையால் கட்டிவிடுவது நல்லது.

மாற்றிய பிறகு இன்னொரு வேலை. எனக்கு நடந்தது கெடுத் தேதியால் இல்லை, அதற்கு இரண்டு நாள் முந்தி இன்ஷூரன்ஸ் பணம் போனதால். உங்கள் கணக்கிலிருந்து தானாகப் போகும் எல்லாவற்றையும், அதாவது சிட் பண்டு, எஸ்ஐபி, வண்டிக் கடன், பிரீமியம், ஒரே தாளில் தேதிவாரியாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் 1 முதல் 10க்குள் முண்டியடித்துக்கொண்டு நிற்கும்.

“பயத்துல கெடுவுக்கு முந்தின நாளே கையால கட்டிட்டேன். ஆட்டோபேயும் எடுத்துருச்சு! ரெண்டு தடவை போச்சு.”

இவ்வளவு எடு என்ற உத்தரவைக் கார்டு கம்பெனி கெடுவுக்குச் சில நாள் முன்னதாகவே அனுப்பிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் கட்டியது அந்த உத்தரவுக்குத் தெரியாது. பணம் எங்கும் போகவில்லை, கார்டில் வரவாக நிற்கும், அடுத்த பில்லில் கழியும். அவசரமாகத் தேவை என்றால் சேமிப்புக் கணக்குக்கே திருப்பிக் கேட்கலாம்.

இதில் ஒரு சூதானம் வேண்டும். கையால் கட்டியதில் கணக்கு காலியாகி, ஆட்டோபே வந்து பவுன்ஸ் ஆனால், பில் கட்டியாகிவிட்டதால் வட்டி வராது. ஆனால் திரும்பல் கட்டணம் இரண்டு பக்கமும் வரலாம். அதனால் கையால் கட்டுவதென்றால் ஒரு வாரம் முன்னாலேயே கட்டுங்கள்.

“எல்லாத்தையும் கட்டி கார்டை டிராயர்ல போட்டுட்டேன். ஒண்ணுமே வாங்கலை. இப்ப 371 ரூபாய் பாக்கின்னு பில் வருது!”

எனக்கும் இதே 371தான் வந்தது. ஜூலை 15 பில்லில் புது வாங்கல் 13,000, மேலே சொன்ன 4,950, ஆக 17,950. ஆகஸ்ட் 5 அன்று முழுதாகக் கட்டினேன். ஆனால் பில் போட்ட நாளிலிருந்து நான் கட்டிய நாள் வரை, 21 நாள், அந்த 13,000 மேல் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 314 ரூபாய், ஜிஎஸ்டி 57. பில் போடும்போது அது இன்னும் பிறக்கவில்லை, அதனால் அடுத்த பில்லில் வந்தது. கெடுவைத் தவறவிட்ட பிறகு வரும் இந்த வால் வட்டியை எதிர்பார்த்தே இருங்கள். ஒரு பில் முழுதாகக் கட்டிய பிறகும் இன்னொரு பில் வரை வட்டி வரி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கார்டை டிராயரில் போட்டவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். வாங்கவே இல்லையே, பில் எதற்கு வரப்போகிறது என்று மெயிலைத் திறக்க மாட்டார்கள். 371 கட்டாமல் நின்று, அதற்கு மூன்று நாள் கெடுவும் தாண்டி, தாமதக் கட்டணம் ஏறி, கடன் கேட்டுப் போகும் இடத்தில் சிபில் அறிக்கையில் தவணை தவறியவர் என்று நிற்கும். கார்டை மூடுவதென்றாலும், மூடச் சொல்லும் அன்று வரை ஓடிய வட்டியையும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுக் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு மூடுங்கள்.